ஜெர்மன் பள்ளி ரிப்போர்ட் கார்டு: புதிதாக வந்த பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி கடைசியிலும் கோடை விடுமுறை தொடங்கும் நாளிலும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளை கையில் 'சொய்க்னிஸ்' என்ற தாளோடு வீட்டுக்கு வந்திருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதை எப்படிப் படிப்பது என்று தெரியாது. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் அதிகாரம். நான் வசிப்பது நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில். விதி என்று சொல்லும் இடங்களில் வேறு மாநிலத்தின் பெயர் இல்லையென்றால், அது இந்த மாநிலத்து விதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு எல்லாப் பாடத்திலயும் 1, 2 எண்டுதான் போட்டிருக்கினம். இது நல்லதோ, கூடாதோ?

மிக நல்லது. இங்கே 1 தான் உச்சம், 6 தான் அடி. ஆறு படிகளுக்கும் பெயர் உண்டு: 1 ஸேயர் கூட், 2 கூட், 3 பெஃப்ரீடிகெண்ட், 4 அவுஸ்ரைஷெண்ட், 5 மாங்கெல்ஹாஃப்ட், 6 உன்கெனூகெண்ட். சில ரிப்போர்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் இந்தப் பெயர்கள் மட்டுமே அச்சாகியிருக்கும். அதனால் ஆறையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது.

ஒவ்வொரு படிக்கும் மாநிலங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட விளக்கம் இருக்கிறது. அந்த வகுப்பில் எதிர்பார்ப்பதை முழுமையாக நிறைவேற்றினால் 2. அதற்கும் மேலே சிறப்பாகச் செய்தால் 1. பொதுவாக நிறைவேற்றினால் 3. குறைகள் இருந்தாலும் மொத்தத்தில் தேவையை எட்டியிருந்தால் 4. தேவையை எட்டவில்லை, ஆனால் அடிப்படை இருக்கிறது, சீக்கிரம் சரிசெய்யலாம் என்றால் 5. அடிப்படையே இல்லை, கிட்டத்தில் சரியாகாது என்றால் 6. அதாவது 4 வரை தேர்ச்சி. பள்ளி கவலைப்படத் தொடங்குவது 5 இல்.

என் பையன் சென்னையில 90க்குக் கீழ வாங்கினதே இல்ல. இங்க பாதி பாடத்துல 3. அவ்வளவு மோசமாகிட்டானா?

இல்லை. சென்னையில் 90 வாங்குவதும் இங்கே 1 வாங்குவதும் ஒன்றல்ல. அங்கே வினாத்தாள் பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளதைச் சுற்றியே இருக்கும். நன்றாகப் படித்த பிள்ளை 90ஐத் தொடலாம். இங்கே தேர்வின் ஒரு பகுதி எப்போதும் பிள்ளை முன்பு பார்த்திராத கேள்வியாக இருக்கும். அதையும் செய்து முடிப்பவருக்குத்தான் 1.

அளவு புரிவதற்குப் பள்ளி இறுதித் தேர்வான அபிடூரைப் பாருங்கள். அங்கே 85 சதவீதத்திலேயே 1 தொடங்கிவிடுகிறது. 60 சதவீதம் என்றால் 3. 45 சதவீதம் என்றால் 4. கீழ் வகுப்புகளில் எத்தனை சதவீதத்துக்கு என்ன தரம் என்பது பள்ளிக்குப் பள்ளி, பாடத்துக்குப் பாடம் மாறும். இலங்கையில் படித்த பெற்றோருக்கு இது எளிதாகப் பிடிபடும். சாதாரண தரத் தேர்வில் 75க்கே ஏ கிடைப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொண்டுபோகும் கிம்னாசியம் பள்ளியில் 3 வாங்கும் பிள்ளை வகுப்போடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. மொழி மாறி வந்த முதல் ஆண்டில் 3 வாங்கியிருந்தால் அது உழைத்து வாங்கிய 3.

ரேங்க் எங்க போட்டிருக்கு? தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

போட மாட்டார்கள். வகுப்பில் எத்தனையாவது என்ற கணக்கு ரிப்போர்ட்டில் கிடையாது. ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார். மற்றப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதை அவர்கள் தரவுப் பாதுகாப்பு மீறலாகவே பார்க்கிறார்கள். சில ஆசிரியர்கள் திருத்திய தேர்வுத்தாளில் எத்தனை பேருக்கு 1, எத்தனை பேருக்கு 2 என்று ஒரு சிறு கட்டம் போட்டுத் தருவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான்.

ரெண்டாங் கிளாஸ் ரிப்போர்ட்ல மார்க்கே இல்ல, ரெண்டு பக்கத்துக்கு வெறும் எழுத்து. இதுல எதைப் பார்க்கறது?

தொடக்கப் பள்ளியான கிருண்ட்ஷூலெயின் முதல் இரண்டு வகுப்புகளில் தரம் போடுவதில்லை. ஆண்டு முடிவில் எழுத்தாகவே தருவார்கள். படிக்கத் தெரிந்துவிட்டால் எண்ணைவிட இந்த எழுத்து அதிகம் சொல்லும். ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்றைத் தேடுங்கள்: எவ்வளவு உறுதியாகச் செய்கிறது, எத்தனை முறை செய்கிறது, யார் உதவியோடு செய்கிறது.

இரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு வழக்கமாக எழுதுவது போன்ற ஒரு பத்தியைத் தமிழில் தருகிறேன். “100 வரை நீ உறுதியாகக் கணக்குப் போடுகிறாய். வாய்ப்பாடு பெரும்பாலும் சொல்கிறாய். வாக்கியக் கணக்குகளில் உனக்கு இன்னும் உதவி தேவைப்படுகிறது. உன்னைக் கேட்கும்போது பாடத்தில் பங்கெடுக்கிறாய்.” முதல் வாக்கியத்தில் வரும் 'ஸிஷர்', அதாவது உறுதியாக, என்பது முழுத் தேர்ச்சி. இரண்டாவதில் 'மைஸ்ட்', பெரும்பாலும்: ஏழாம் வாய்ப்பாடோ எட்டாம் வாய்ப்பாடோ எங்கோ தடுக்குகிறது, ஒரு மாதப் பயிற்சியில் தீரும். மூன்றாவதில் 'நோஹ்', இன்னும்: இங்கேதான் கவனம் வேண்டும். கூட்டல் கழித்தல் உறுதியாகத் தெரிந்த பிள்ளை வாக்கியக் கணக்கில் மட்டும் தடுமாறினால், காரணம் அநேகமாகக் கணக்கு இல்லை. வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் ஜெர்மன் மொழிதான். கணக்கு டியூஷனைவிட ஜெர்மன் வாசிப்புதான் அந்தப் பிள்ளைக்கு உதவும்.

நான்காவது வாக்கியத்தைத்தான் நம் பெற்றோர் அநேகமாகத் தவறவிடுகிறார்கள். படிக்கும்போது நல்ல பிள்ளை என்று பாராட்டுவது போல இருக்கிறது. பிள்ளை தானாகக் கை தூக்குவதில்லை என்பதுதான் அதன் பொருள். மேல் வகுப்புக்குப் போனால் இந்தப் பழக்கம் தரத்தையே இறக்கும்; அதைக் கீழே தேர்வில் 2 வாங்கிய பிள்ளையைப் பற்றிய பதிலில் பாருங்கள்.

“முயற்சி செய்கிறார்”னு எழுதியிருக்காங்க. ஆபீஸ்ல அது கெட்ட வார்த்தைன்னு சொல்றாங்களே?

வேலைச் சான்றிதழ் வேறு, பள்ளி ரிப்போர்ட் வேறு. ஜெர்மன் நிறுவனங்கள் தரும் சான்றிதழில் 'பெம்யூட்', அதாவது முயன்றார், என்றால் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். அது அந்த உலகத்தின் மரபு. பள்ளி ஆசிரியர் அப்படி மறைபொருளாக எழுதுவதில்லை. முயல்கிறாய் என்று எழுதினால் முயல்வதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் அது முழுப் பாராட்டு அல்ல. “நேர்த்தியாக எழுத முயல்கிறாய்” என்பதற்கும் “நேர்த்தியாக எழுதுகிறாய்” என்பதற்கும் உள்ள தூரம் உண்மையான தூரம். அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். 'ட்ஸூனேமெண்ட்', நாளுக்கு நாள் கூடுதலாக, என்று வந்தால் முயற்சி பலன் தருகிறது. 'இன்னும்' என்று வந்தால் வீட்டில் கைகொடுக்க வேண்டிய இடம் அது.

நீடர்சாக்சன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே வேலை செய்யும் பழக்கத்துக்கும் மற்றவரோடு பழகும் விதத்துக்கும் ஐந்து நிலையான வாக்கியங்கள் உண்டு. “சிறப்பு அங்கீகாரத்துக்கு உரியது”, “எதிர்பார்ப்பை முழு அளவில் நிறைவேற்றுகிறது”, “எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறது”, “சில குறைகளோடு நிறைவேற்றுகிறது”, “நிறைவேற்றவில்லை” என்று மேலிருந்து கீழே வரும். “நிறைவேற்றுகிறது” என்று மட்டும் இருந்தால் அது நடுப்படி. நான்காவது வந்தால் ஆசிரியரிடம் நேரம் கேட்டுப் பேசுங்கள்.

மூணு எழுத்துத் தேர்வுலயும் 2, 2, 3. ரிப்போர்ட்ல மட்டும் எப்படி 3 வரும்? டீச்சர் தப்பாப் போட்டுட்டாங்களா?

பெரும்பாலும் தப்பு இல்லை. ஜெர்மன், கணிதம், ஆங்கிலம் போன்ற பாடங்களில் 'கிளாஸன்ஆர்பைட்' எனப்படும் எழுத்துத் தேர்வு ஒரு பங்கு. 'ஸோன்ஸ்டிகெ லைஸ்டுங்கன்', அதாவது மற்றச் செயல்பாடுகள், இன்னொரு பங்கு. வகுப்பில் பேசுவது, குழு வேலை, விளக்கிக் காட்டுவது, சிறு தேர்வுகள், குறிப்பேடு எல்லாம் இதில் அடங்கும். தோராயமாக இரண்டுக்கும் சம மதிப்பு. எழுத்தில் 2, மற்றதில் 4 என்றால் ரிப்போர்ட்டில் 3. வீட்டுப்பாடத்துக்குத் தரம் போட இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. ஆனால் வீட்டுப்பாடத்தை வைத்து மறுநாள் வகுப்பில் பேசுவது கணக்கில் வரும்.

உயிரியல், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களில் கீழ் வகுப்புகளில் எழுத்துத் தேர்வே கிடையாது. அங்கே முழுத் தரமும் இந்த மற்றச் செயல்பாடுகளில் இருந்துதான். ஆசிரியர் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை, எல்லாம் தெரிந்திருந்தும் உயிரியலில் 4 வாங்குவது இப்படித்தான். வீட்டில் நாம் மரியாதை என்று சொல்லித் தந்ததை ஆசிரியர் ஆர்வமின்மை என்று பதிவு செய்கிறார். இதை அவரிடம் நேரடியாக விளக்குவதில் தவறே இல்லை.

எல்டர்ன்ஷ்ப்ரெஹ்டாக் எனப்படும் பெற்றோர் சந்திப்பில் ஒரு ஆசிரியரோடு பத்து நிமிடம்தான் கிடைக்கும். அங்கே முதல் கேள்வியாக எழுத்துத் தரம் எவ்வளவு, வாய்மொழித் தரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள். வாய்மொழியில் 4 என்று தெரிந்தால், பாடத்துக்கு ஒரு முறை கை தூக்கினால் போதுமா, முன்கூட்டியே ஒரு சிறு தலைப்பைத் தயார் செய்து பேசலாமா என்று கேட்கலாம். கூச்சப் பிள்ளைக்குத் தயாரித்த பேச்சு எளிது.

சில கட்டத்துல கோடு, சில கட்டத்துல “நி.ஏ.” மாதிரி சுருக்கெழுத்து. பாடமே நடத்தலையா?

அநேகமாக அதுதான். அந்த அரையாண்டில் பாடம் நடத்தப்படவில்லை, அல்லது பிள்ளைக்கு விலக்கு உண்டு என்று பொருள். சமயப் பாடத்துக்குப் பதில் தத்துவம் எடுத்த பிள்ளைக்குச் சமயக் கட்டத்தில் கோடு இருக்கும். சுருக்கெழுத்துகளின் விளக்கம் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம். சில பாடங்களை முதல் அரையாண்டில் மட்டும் நடத்தி முடித்துவிடுவார்கள். ஜனவரியில் வாங்கிய அந்தத் தரம் அப்படியே ஆண்டு இறுதிக்கும் நிற்கும். வகுப்பு ஏற்றத்துக்கும் கணக்கில் வரும். குறிப்புப் பகுதியில் 'ஃபெர்ஸெட்சுங்ஸ்விர்க்ஸாம்' என்ற நீண்ட சொல் இருந்தால் இதுதான் செய்தி. பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட முடியாது.

வந்து ஆறு மாசந்தான் ஆகுது. ஜெர்மனே தெரியாத பிள்ளைக்கு ஜெர்மன்ல 5 போடுவாங்களா?

புதிதாக வந்த பிள்ளைக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சிக் காலம் உண்டு. வழக்கமாக அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அந்தக் காலத்தில் தரம் போடாமல், எவ்வளவு கற்றிருக்கிறது என்று எழுத்தில் தரலாம். கணிதம், ஆங்கிலம் போல பிள்ளை பங்கெடுக்கக்கூடிய பாடங்களில் மட்டும் தரம் வருவதும் வழக்கம். பயிற்சிக் காலம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் முதல் ரிப்போர்ட்டில் தரங்கள் திடீரென்று இறங்குவதைப் பார்த்துப் பல பெற்றோர் அதிர்ந்துபோகிறார்கள். பிள்ளை மோசமாகவில்லை, அளக்கும் விதம் மாறியிருக்கிறது.

ஏழாம் வகுப்பு அரையாண்டு ரிப்போர்ட்ல கணக்குல 5. ஒரே வகுப்புல திரும்ப உட்கார வைப்பாங்களா?

அரையாண்டு ரிப்போர்ட்டில் யாரையும் நிறுத்த மாட்டார்கள். முடிவு கோடையில்தான். கிம்னாசியத்தில் படிக்கும் ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம்: ஜெர்மன் 4, கணிதம் 5, ஆங்கிலம் 3, பிரெஞ்சு 4, மற்ற எல்லாப் பாடங்களிலும் 4 அல்லது அதைவிட நல்ல தரம். ஜெர்மன், கணிதம், இரண்டு அந்நிய மொழிகள் ஆகிய நான்கும் ஒரு குழு. இந்தக் குழுவில் ஒரு 5 வந்தால், அதே குழுவில் இன்னொரு பாடத்தில் குறைந்தது 3 இருக்க வேண்டும். இங்கே ஆங்கிலத்தின் 3 கணிதத்தின் 5ஐ ஈடு செய்கிறது. பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போகும்.

இப்போது ஆங்கிலம் 3இலிருந்து 4க்கு இறங்கினால் என்ன ஆகும்? இருப்பது ஒரே ஒரு 5தான், ஆனால் ஈடு செய்ய ஆளில்லை. வகுப்பு ஏற்றம் கிடைக்காது. ஓவியத்தில் 1 இருந்தாலும் உதவாது, அது அந்தக் குழுவில் இல்லை. அதனால் கணக்கில் 5 உள்ள பிள்ளையிடம் எல்லா நேரத்தையும் கணக்குக்கே கொடு என்று சொல்லும் பெற்றோர், ஆங்கிலத்தின் அந்த 3ஐயும் காப்பாற்றச் சொல்ல வேண்டும். அப்படியும் தவறினால் ஏழாம் வகுப்பிலிருந்து 'நாஹ்ப்ரூஃபுங்' எனப்படும் மறுதேர்வு உண்டு. ஒரு பாடத்தில் 5ஐ 4 ஆக்கினால் ஏற்றம் கிடைக்கும் என்றால், கோடை விடுமுறை முடியும் நேரத்தில் அதை எழுதலாம்.

பவேரியாவில் கணக்கு வேறு. வகுப்பு ஏற்றத்துக்கு உரிய பாடங்களில் ஒரு 5 மட்டும் என்றால் ஏற்றம் உண்டு. ஒரு 6 அல்லது இரண்டு 5 வந்தால்தான் சிக்கல்.

நீலக் கடிதம் வரவே இல்ல. அப்ப பிரச்சினை இல்லன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பிளாவர் ப்ரீஃப்' என்பது எச்சரிக்கைக் கடிதம். வகுப்பு ஏற்ற முடிவுக்குக் குறைந்தது பத்து வாரம் முன்பு அனுப்ப வேண்டும். ஆனால் அது அரையாண்டில் 4 ஆக இருந்து இப்போது 5க்கு இறங்கும் பாடத்துக்குத்தான். ஜனவரி ரிப்போர்ட்டிலேயே 5 இருந்தால் அந்த ரிப்போர்ட்டே எச்சரிக்கை. தனிக் கடிதம் வராது. மேலே சொன்ன பிள்ளைக்குக் கணிதத்துக்காக எந்தக் கடிதமும் வந்திருக்காது.

அரையாண்டில் 4, கடிதம் வரவில்லை, கோடையில் திடீரென்று 5 என்றால் விதி பிள்ளையின் பக்கம். எச்சரிக்காத ஒரு பாடத்தின் 5ஐ வகுப்பு ஏற்றத்தில் சேர்க்கக் கூடாது. அதனால் வரும் கடிதங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள்.

நாலாங் கிளாஸ்ல “ரியால்ஷூலெ” சிபாரிசு பண்ணியிருக்காங்க. கிம்னாசியம் கதவு மூடியாச்சா?

ரியால்ஷூலெ என்பது பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி வகை. இந்த மாநிலத்தில் கதவு மூடவில்லை. நான்காம் வகுப்பு அரையாண்டு ரிப்போர்ட்டோடு வரும் அந்தச் சிபாரிசு ஆலோசனைதான். எந்தப் பள்ளி வகையில் சேர்ப்பது என்பது பெற்றோர் முடிவு. “கிம்னாசியத்துக்குச் சில வரம்புகளோடு ஏற்றவர்” என்றும் எழுதுவார்கள். அதற்கான காரணத்தை எழுதியிருப்பார்கள். அதைத்தான் படிக்க வேண்டும். காரணம் மொழி என்றால் காலம் சரிசெய்யும். தனியாக வேலை செய்ய முடியவில்லை என்பது காரணம் என்றால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள்.

பவேரியாவில் சராசரிதான் பேசும். மே மாதத் தொடக்கத்தில் வரும் ரிப்போர்ட்டில் ஜெர்மன், கணிதம், சூழலியல் பாடம் மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை இருந்தால் ரியால்ஷூலெ. எட்டாவிட்டால் 'ப்ரோபெஉன்டர்ரிஹ்ட்' எனப்படும் தேர்வு வகுப்பில் கலந்துகொள்ளலாம்.

இந்த 5 அநியாயம். யார்கிட்ட முறையிடறது? கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடுமா?

கையெழுத்து என்பது பார்த்தேன் என்பதற்கு மட்டுமே. தாராளமாகப் போடுங்கள்.

முதலில் பாட ஆசிரியர், பிறகு வகுப்பாசிரியர், அதன் பிறகு தலைமையாசிரியர். பக்கத்துப் பிள்ளைக்கு 4 போட்டிருக்கிறீர்களே என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்தெந்தத் தேதியில் என்ன தரம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் வாய்மொழி 4 தகுதியானதா 3 தகுதியானதா என்ற மதிப்பீட்டில் ஆசிரியருக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. அதை மாற்றுவது கடினம். ஒரு தேர்வைச் சேர்க்க மறந்தது, கூட்டலில் பிழை, எச்சரிக்கைக் கடிதம் விடுபட்டது போன்றவை மாறும்.

தனி ஒரு தரத்துக்கு எதிராகப் பள்ளியிடம் 'பெஷ்வேர்டெ' எனப்படும் முறையீடு எழுதலாம். வகுப்பு ஏற்றமே மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் ‘விடர்ஷ்ப்ரூஹ்’ எனப்படும் ஆட்சேபம் தர வேண்டும். கோடை விடுமுறை அந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது. ஊரில் இருந்தபடியும் அனுப்பியாக வேண்டும்.

ஊருக்குப் போக ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிட்டோம். ரிப்போர்ட்ல அது வருமா?

வரும். தவறவிட்ட பாடவேளைகள் மொத்தம் எத்தனை, அதில் 'உன்என்ட்ஷுல்டிக்ட்', அதாவது காரணம் ஏற்கப்படாதவை எத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். மலிவு டிக்கெட் என்பது ஏற்கத்தக்க காரணம் அல்ல. விடுமுறையை ஒட்டிய நாட்களுக்கு விடுப்புக் கேட்டால் அவசரக் காரணம் இல்லாமல் தர மாட்டார்கள். கேட்காமல் போனால் அபராதமும் வரலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ரிப்போர்ட்டைத் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பார்க்கும்போது, தரங்களுக்கு முன்பே இந்த எண்ணில் கண் போகும்.

ஏற்கப்படாத வேளைகளில் ஒரு பகுதி உண்மையில் நோயில் இருந்த நாட்களாகவே இருக்கும்; பெற்றோர் காலையில் தொலைபேசியில் சொல்லிவிட்டு எழுத்தில் தர மறந்திருப்பார்கள். ரிப்போர்ட் வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு ஆசிரியர்கள் கூடித் தரங்களை முடிவு செய்யும் 'சொய்க்னிஸ்கான்ஃபெரென்ட்ஸ்' நடக்கும். அதற்கு முன்பே வகுப்பாசிரியரிடம் ஏற்கப்படாத வேளைகள் எத்தனை பதிவாகியிருக்கின்றன என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். விடுபட்ட கடிதத்தை அப்போது கொடுத்தால் பெரும்பாலும் திருத்திவிடுவார்கள். தாள் அச்சாகி முத்திரை விழுந்த பிறகு அதே வேலை பல மடங்கு கடினம்.